பழைய புள்ளி, புதிய படிப்பு: சேர்ப்பதா, விடுவதா?

அக்காவின் மகள் போன மாதம் உப்புவெளி வீட்டுக்கு வந்தபோது கையில் மூன்று காகிதங்கள் இருந்தன. ஒன்று, கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தில் அவள் முடித்த முதலாம் வருடத்தின் பெறுபேற்று அறிக்கை. அது பிரித்தானியப் பல்கலைக்கழகம் ஒன்றின் கணினிப் பட்டம். மற்ற இரண்டும், மீதிப் படிப்புக்கு அவளைச் சேர்த்துக்கொள்ளத் தயார் என்று சொன்ன இரண்டு நிறுவனங்களின் கடிதங்கள். ஒன்று கொழும்பில் கிழமை நாட்களில் நடக்கிறது. மற்றது திருகோணமலை டவுனிலேயே வார இறுதியில் வகுப்பு வைக்கிறது.

"மாமா, ரெண்டு இடமும் என் கிரெடிட்டை எடுக்கிறோம் எண்டுதான் சொல்லுது. பிறகு என்ன வித்தியாசம்?" என்றாள்.

கடிதங்களை இரண்டு தரம் வாசித்தால்தான் வித்தியாசம் தெரியும். கொழும்பு நிறுவனம் கிரெடிட்டை மட்டும் எடுக்கிறது. அவளுடைய ஜீபிஏ, அதாவது தரப்புள்ளிச் சராசரி, இரண்டாம் வருடத்தின் முதல் பாடத்தோடு புதிதாகத் தொடங்கும். டவுன் நிறுவனம் கிரெடிட்டோடு தரத்தையும் எடுத்து, பழையதையும் புதியதையும் சேர்த்து ஒரே சராசரி போடுகிறது. மூன்றாவது வழியும் உண்டு. பழையதை மறந்துவிட்டு முதலாம் வருடத்திலிருந்து தொடங்கலாம். எங்கள் அக்கா அதைத்தான் விரும்பினாள். "பிள்ளை வடிவாப் படிச்சு முதலிலிருந்தே நல்லாச் செய்யட்டும்" என்று.

நான் ஒரு உயர்கல்வி நிறுவனத்தின் பரீட்சைப் பிரிவில் சில வருடம் இருந்தவன். இந்த மாதிரிக் கடிதங்களை எழுதும் பக்கத்தில் இருந்திருக்கிறேன். அந்த அனுபவத்தை வைத்து இந்த மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கிறேன். கோணேசபுரியில் இருக்கிற கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் போன்ற அரச இடங்களுக்கு உயர்தர இசட் புள்ளி வழியாகத்தான் பெரும்பாலும் போகிறார்கள் என்பதால், இங்கே பேசுகிற இடமாற்றம் தனியார் பட்டங்களுக்கு இடையிலானது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பழைய சராசரி எவ்வளவு என்று பார்ப்போம்

சேர்க்கலாமா விடலாமா என்று பேசுவதற்கு முன்னால், சேர்த்தால் என்ன எண் வரும் என்று தெரிய வேண்டும். அவளுடைய அறிக்கையில் இருந்தவை புள்ளிகள்தான், தரங்கள் இல்லை. இரண்டு நிறுவனங்களுமே இலங்கையில் வழக்கமான அளவுகோலைப் பயன்படுத்துகின்றன. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு 2008 இல் 901 ஆம் இலக்கச் சுற்றறிக்கையில் கொடுத்த அளவு அது. 70 இலிருந்து ஏ, 4.00. 65 முதல் 69 வரை ஏ மைனஸ், 3.70. 60 இலிருந்து பி பிளஸ், 3.30. 55 இலிருந்து பி, 3.00. 50 இலிருந்து பி மைனஸ், 2.70. 45 இலிருந்து சி பிளஸ், 2.30. 40 இலிருந்து சி, 2.00.

| பாடம் | பிரித்தானிய கிரெடிட் | புள்ளி | தரப்புள்ளி |
|---|---|---|---|
| புரோகிராமிங் | 30 | 72 | 4.00 |
| கணிதம் | 20 | 48 | 2.30 |
| தரவுத்தளம் | 20 | 61 | 3.30 |
| வெப் | 20 | 66 | 3.70 |
| நெட்வேர்க்கிங் | 20 | 55 | 3.00 |
| தொடர்பாடல் | 10 | 68 | 3.70 |

கிரெடிட்டைத் தரப்புள்ளியால் பெருக்கி எல்லாவற்றையும் கூட்டினால் 403. மொத்த கிரெடிட் 120 ஆல் வகுத்தால் 3.358. இதுதான் அவளுடைய பழைய ஜீபிஏ.

அவள் தானாகவே ஏற்கனவே ஒரு கணக்குப் போட்டிருந்தாள். கிரெடிட்டால் எடையிட்டால் புள்ளிகளின் சராசரி சரியாக 62 வருகிறது. அதை 100 ஆல் வகுத்து 4 ஆல் பெருக்கி 2.48 என்று எடுத்துவிட்டாள். இரவெல்லாம் அழுதிருக்கிறாள், பாவம். இந்தப் பிழையை நான் எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறேன். நூற்றுக்கு நூறு எடுத்தால்தான் 4.00 என்று அந்தப் பெருக்கல் எடுத்துக்கொள்கிறது. ஆனால் பிரித்தானிய முறையிலும் நம்முடைய முறையிலும் 70 எடுத்தாலே உச்சத் தரம். பிரித்தானியாவில் 70 தான் முதல் வகுப்பின் வாசல். அதேபோல, 90 க்கு மேல்தான் ஏ என்று கொள்ளும் அமெரிக்க அட்டவணைகளில் ஒன்றை எடுத்து வைத்தால் அவளுடைய புரோகிராமிங் 72 சி ஆகிவிடும். உங்கள் சராசரி திடீரென்று ஒரு முழுப் புள்ளி இறங்கினால், முதலில் அளவுகோலைச் சந்தேகப்படுங்கள்.

இன்னொரு பிழை இவ்வளவு கொடுமையில்லை. 62 என்ற சராசரியை ஒரே தரமாக மாற்றினால் பி பிளஸ், 3.30. ஒவ்வொரு பாடத்தையும் தனித்தனியே மாற்றி பிறகு சராசரி எடுத்தால் 3.358. புதிய இடம் ஒவ்வொரு பாடத்தையும் தனித்தனியே மாற்றுகிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு எண்ணும் ஒரே பிள்ளையைப் பற்றியவைதான்.

கணினியில் போடுபவர்களுக்கு ஒரு சொல். பி நிரலில் கிரெடிட்டும் சி நிரலில் தரப்புள்ளியும் இருந்தால், எல்லோரும் எழுதுகிற சூத்திரம் இது:

```
=SUMPRODUCT(B2:B7,C2:C7)/SUM(B2:B7)
```

இதில் ஒரு பொறி உண்டு. ஆங்கிலப் பாடம் மாதிரி ஒன்றுக்கு "பாஸ்" என்று மட்டும் போட்டிருந்தால், சூத்திரம் அந்த எழுத்துக்குப் பூச்சியம் கொடுக்கும். ஆனால் அதன் கிரெடிட்டை அடியில் கூட்டிக்கொள்ளும். அப்போது சராசரி சத்தமில்லாமல் இறங்கும். எண் இருக்கிற வரிகளை மட்டும் அடியில் கூட்ட வேண்டும்:

```
=SUMPRODUCT(B2:B7,C2:C7)/SUMIF(C2:C7,">=0",B2:B7)
```

இப்படி எழுதினால் பாஸ் பாடம் கணக்கிலிருந்து முழுதாக விலகும். உண்மையில் பெயில் ஆகி 0.00 வாங்கிய பாடம் கணக்கில் நிற்கும். அப்படித்தான் இருக்க வேண்டும்.

கிரெடிட் சுருங்கும் இடம்

சராசரி தெரிந்தது. அடுத்த கேள்வி, அந்தச் சராசரிக்குப் புதிய படிப்பில் எவ்வளவு எடை. இங்கேதான் இரண்டு கடிதங்களும் உண்மையில் பிரிகின்றன. அந்த வரியை யாரும் கவனிப்பதில்லை.

பிரித்தானியாவில் ஒரு முழு வருடம் 120 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்குப் பத்து மணித்தியாலப் படிப்பு என்று கணக்கு. அப்படியானால் வருடத்துக்கு 1,200 மணித்தியாலம். இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் ஒரு வருடம் 30 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு ஐம்பது மணித்தியாலம். அது 1,500. வகுப்பில் இருக்கும் நேரம், வீட்டில் படிக்கும் நேரம், ஒப்படை செய்யும் நேரம் எல்லாம் சேர்த்துத்தான் இந்த எண்கள்.

ஆகவே மாற்றுவதற்கு இரண்டு வழி உண்டு. "ஒரு வருடத்துக்கு ஒரு வருடம்" என்று பார்த்தால் 120 ஐ 4 ஆல் வகுத்து 30 கிரெடிட் கிடைக்கும். "மணித்தியாலத்துக்கு மணித்தியாலம்" என்று பார்த்தால் 1,200 ஐ 50 ஆல் வகுத்து 24 தான் கிடைக்கும். இரண்டுக்கும் நியாயம் உண்டு. ஐரோப்பாவில் முழு வருடம் 60 கிரெடிட், ஒன்றுக்கு 25 முதல் 30 மணித்தியாலம். பிரித்தானியர் தங்களுடைய இரண்டு கிரெடிட்டை ஐரோப்பாவின் ஒன்றுக்குச் சமம் என்று எடுத்துக்கொள்வது வருடக் கணக்கில்தான். மணித்தியாலக் கணக்கில் பார்த்தால் அதுவும் சரியாகப் பொருந்தாது.

கொழும்பு நிறுவனம் 30 கொடுக்கிறது. டவுன் நிறுவனம் 24 கொடுக்கிறது. பட்டம் இரண்டிலும் 120 கிரெடிட். கொழும்பில் அவளுக்கு மீதி 90, டவுனில் மீதி 96. அந்த ஆறு கிரெடிட் என்பது ஏறக்குறைய இரண்டு பாடம், அதற்கான கட்டணமும் சேர்த்து. இதைச் சொன்னதும் "24 எண்டால் என்ர ஜீபிஏ குறையுமா மாமா?" என்று பதறினாள். குறையாது. எல்லாப் பாடத்தையும் ஒரே விகிதத்தில் சுருக்குவதால் 3.358 அப்படியே இருக்கும். குறைவது அதன் எடை மட்டும்.

சேர்ப்பதால் யாருக்கு இலாபம்

இதைப் பலர் தலைகீழாக நினைக்கிறார்கள். "பழைய புள்ளி நல்லதாயிருந்தால் சேர்க்கச் சொல்லு" என்று பொதுவாகச் சொல்வார்கள். நல்லது என்றால் எதோடு ஒப்பிட்டு? பிள்ளை எந்த வகுப்பைக் குறி வைக்கிறாளோ அந்த எல்லையோடு ஒப்பிட வேண்டும். இரண்டு நிறுவனங்களிலும் முதல் வகுப்புக்கு 3.70. செகண்ட் அப்பர் என்று பிள்ளைகள் சொல்லும் இரண்டாம் வகுப்பு மேற்பிரிவுக்கு 3.30.

கணக்கு இலகுவானது. எல்லையிலிருந்து பழைய ஜீபிஏயைக் கழித்து, பழைய கிரெடிட்டால் பெருக்கி, மீதிக் கிரெடிட்டால் வகுத்தால், சேர்ப்பதால் எல்லை எவ்வளவு தள்ளிப்போகிறது என்று கிடைக்கும். எங்கள் பிள்ளைக்கு முதல் வகுப்பில் இடைவெளி 3.70 இலிருந்து 3.358 வரை, அதாவது 0.342. அதை 24 ஆல் பெருக்கி 96 ஆல் வகுத்தால் 0.085 வரும். ஆக, டவுனில் முதல் வகுப்புக்கு மீதிப் பாடங்களில் அவள் 3.785 எடுக்க வேண்டும். கொழும்பில் 3.70 போதும்.

பார்க்கச் சின்ன வித்தியாசம்தான். ஆனால் தரங்களாக மாற்றிப் பாருங்கள். கொழும்பில் மீதிப் பாடம் எல்லாவற்றிலும் ஏ மைனஸ் எடுத்தால் முதல் வகுப்பு கிடைத்துவிடும். டவுனில் மீதி 96 கிரெடிட்டை நாலு கிரெடிட் பாடங்களாக எடுத்தால் 24 பாடம். அதில் குறைந்தது ஏழில் ஏ, மற்ற பதினேழிலும் ஏ மைனஸ் வேண்டும். எங்காவது ஒரு பி பிளஸ் வந்தால் அதை ஈடுகட்ட இன்னும் ஏ தேவை. பழைய கணிதம் 48 அவளுடைய கழுத்தில் கடைசி வரை தொங்கிக்கொண்டே இருக்கும்.

செகண்ட் அப்பருக்குப் போட்டால் கதை மாறுகிறது. அங்கே அவளுடைய பழைய ஜீபிஏ எல்லைக்கு மேலே இருக்கிறது. சேர்ப்பது அவளுக்குக் கை கொடுக்கும். எவ்வளவு? டவுனில் 3.285 எடுத்தால் போதும், கொழும்பில் 3.30 வேண்டும். அதாவது 0.015. ஒரு பாடத்தில் ஒரு படி ஏறி இறங்கினாலே இந்த ஆறுதல் கரைந்துவிடும். அதை நம்பி ஒரு முடிவை எடுக்க முடியாது.

மற்ற ஆட்களுக்கு இதே கணக்கு வேறு மாதிரி வரும். பழைய ஜீபிஏ 2.60, கிரெடிட் 30, மீதி 90 என்று ஒரு பையனை எடுத்துக்கொள்ளுங்கள். சேர்த்தால் செகண்ட் அப்பருக்கு அவன் மீதியில் 3.53 எடுக்க வேண்டும். சேர்க்காவிட்டால் 3.30 போதும். அவனுக்கு நான் சந்தேகமே இல்லாமல் கிரெடிட் மட்டும் எடுக்கிற இடத்தைத்தான் சொல்வேன். மறுபக்கம், 3.80 வைத்திருக்கிற பிள்ளை சேர்க்கிற இடத்துக்குப் போனால் முதல் வகுப்புக்கு மீதியில் 3.67 போதும். பழைய வருடம் அவளுக்குச் சேமிப்பு மாதிரி.

கிரெடிட் மட்டும் எடுக்கிற முறையில் சொல்லாமல் விடக்கூடாத ஒரு குறை உண்டு. வகுக்கும் எண் 120 க்குப் பதில் 90 ஆகிவிடுவதால் ஒவ்வொரு தரமும் பலமாக அசைக்கும். நாலு கிரெடிட் பாடம் ஒன்றில் ஏ மைனஸுக்குப் பதிலாக சி வந்தால், 90 இல் அது ஜீபிஏயை 0.076 இறக்கும். 120 இல் 0.057. ஒரு பாடத்தில் காய்ச்சலோடு போய் எழுதினால்கூட அந்த வேறுபாடு தெரியும்.

முதலிலிருந்து தொடங்கினால்

அக்காவின் யோசனைக்கு ஒரு நியாயம் இருக்கிறது. நான் முதலில் சிரித்தேன், பிறகுதான் யோசித்தேன். பழைய இடத்தில், பாஸான கணிதத்தைப் பெரும்பாலும் திரும்ப எழுத விடமாட்டார்கள்; பெயிலான பாடத்தைத் திரும்ப எழுதினாலும் வழக்கமாகப் புள்ளிக்கு உச்ச வரம்பு வைப்பார்கள். பிரித்தானியப் பட்டங்களில் மீளத் தோற்றினால் பெரும்பாலும் 40 தான் உச்சம், எவ்வளவு எடுத்தாலும். அதை நமது அளவில் மாற்றினால் 2.00. அப்படி எழுதிய ஒரு பையனின் அறிக்கை ஒரு முறை என் மேசைக்கு வந்தது. இரண்டு பாடம் 40 என்று நின்றது. அவனோ உண்மையில் அறுபதுக்கு மேல் எடுத்திருந்தான், அதற்குச் சான்றும் வைத்திருந்தான். புதிய இடம் அறிக்கையில் இருந்த எண்ணைத்தான் எடுத்தது. உங்கள் அறிக்கையில் சரியாக 40 என்று நிற்கிற பாடம் இருந்தால் அது வரம்பிட்ட புள்ளியா என்று பார்த்து, பழைய இடத்திடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எடுப்பார்களா என்பது வேறு விஷயம். ஆனால் கேட்பதற்கு ஒரு காகிதம் வேண்டும்.

முதலிலிருந்து தொடங்கினால் இந்த வரம்பெல்லாம் இல்லை. கணிதம் முதல் தடவையாக எழுதப்படும், ஏ எடுத்தால் ஏ. ஆனால் விலை ஒரு முழு வருடமும் ஒரு வருடக் கட்டணமும். அந்த வருடத்தில் அவள் ஏற்கனவே 72 எடுத்த புரோகிராமிங்கை மறுபடி படிப்பாள். அதற்கு மேலே, பழைய அறிக்கை மறைந்துவிடாது. பின்னர் வெளிநாட்டில் மாஸ்டர்ஸ் படிக்க விண்ணப்பித்தால் நிறைய இடங்களில் படித்த ஒவ்வொரு நிறுவனத்தின் அறிக்கையையும் கேட்பார்கள். இடைநடுவில் விட்டதாக இருந்தாலும் சரி. அமெரிக்காவில் சட்டப் படிப்புக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு, இளநிலையில் படித்த எல்லா இடங்களின் தரத்தையும் சேர்த்து ஒரே சராசரியாகப் போடும் பொது அமைப்பே இருக்கிறது. அதனால் "சேர்க்காவிட்டால் யாருக்கும் தெரியாது" என்ற எண்ணத்தோடு கிரெடிட் மட்டும் எடுக்கிற இடத்தைத் தெரிவு செய்யாதீர்கள். அங்கே ஜீபிஏயில்தான் சேராது. பழைய காகிதம் எப்போதும் கூடவே வரும்.

ஒரு பாடத்துக்காக ஒரு வருடம் என்பது எனக்குச் சரிப்படவில்லை. அக்காவுக்கும் கடைசியில் அது விளங்கியது, கட்டணத்தை எண்ணிப் பார்த்த பிறகு.

எதிர்பாராத நாலாவது வழி

இந்த இடத்தில் கதை திரும்பியது. டவுன் நிறுவனத்திடம் அவள் எழுத்தில் மூன்று விஷயம் கேட்டாள்: ஒவ்வொரு பாடத்தையும் தனித்தனியே மாற்றுகிறீர்களா, 24 ஐ 30 ஆக்க முடியுமா, குறைந்தபட்சப் புள்ளி ஏதும் உண்டா. கொழும்பு நிறுவனத்திடமும் அதையே கேட்டாள். வாயால் கேட்டு வந்த பதிலை நம்ப வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். முதல் நாள் கவுண்டரில் "ஓம், எல்லாம் எடுப்போம்" என்று சொல்பவர் வேறு, கடைசியில் கையெழுத்துப் போடுபவர் வேறு.

கொழும்பு பழைய பதிலையே சொன்னது. எல்லாம் எடுப்போம், கிரெடிட் மட்டும். டவுன் பதில் நீளமாக வந்தது. தனித்தனியே மாற்றுவார்கள். 24 தான், 30 ஆக்க முடியாது. அப்புறம் கடைசி வரி: 50 க்குக் குறைந்த பாடத்தை ஏற்பதில்லை. கணிதம் போய்விட்டது.

அவள் போனில் அழாத குறை. "நாலு கிரெடிட் அம்போ மாமா!" என்றாள். நான் அப்போதே ஒரு பழைய மாதாந்தக் கலண்டரின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன்.

கணிதம் இல்லாமல் பிரித்தானியக் கணக்கில் மிச்சம் 100 கிரெடிட், புள்ளித் தொகை 403 இலிருந்து 46 குறைந்து 357. சராசரி 3.57. அது 20 இலங்கைக் கிரெடிட்டாக மாறும். மீதி 100. இப்போது முதல் வகுப்புக்கு மீதியில் வேண்டியது 3.726. முன்னர் 3.785 ஆக இருந்தது. செகண்ட் அப்பருக்கு 3.246. அதாவது கணிதத்தை அவர்கள் மறுத்ததால் சேர்த்த சராசரி அவளுக்குச் சாதகமாகிவிட்டது. கணிதத்தை அங்கே மறுபடி படிக்க வேண்டும்தான். ஆனால் அது புதிய இடத்தில் முதல் தடவை எழுதும் பாடம். அது மீளத் தோற்றல் என்று பதியப்படுமா, உச்ச வரம்பு வருமா என்று இன்னொரு கடிதம் எழுதச் சொன்னேன். வராது என்று பதில் வந்தது. எழுத்தில்.

ஏற்க மறுப்பு எப்போதும் நட்டமில்லை என்பதை பிள்ளைகளிடம் சொன்னால் நம்பமாட்டார்கள், எண்ணைக் காட்டினால்தான் நம்புவார்கள். அதேநேரம், மறுக்கப்பட்ட பாடம் உங்கள் சராசரிக்கு மேல் இருந்தால் அது நட்டமே. கணிதத்தோடு நெட்வேர்க்கிங் 55 ஐயும் மறுத்திருந்தால் இன்னும் கொஞ்சம் நல்லது. கணிதத்தை ஏற்று புரோகிராமிங்கை மறுத்திருந்தால் பழைய ஜீபிஏ 3.14 க்கு இறங்கியிருக்கும். அப்போது நானே கொழும்பைத்தான் சொல்லியிருப்பேன்.

அப்போ எதைத் தெரிவு செய்வது

என் கருத்து இது. முதல் வகுப்பைத்தான் குறி வைக்கிறாள், பழைய தரங்களில் ஒரு பள்ளம் இருக்கிறது, அந்தப் பள்ளம் ஏற்கப்பட்டுச் சேர்க்கவும் படுகிறது என்றால், கிரெடிட் மட்டும் எடுக்கிற கொழும்பு நல்லது. முப்பது கிரெடிட்டும் கிடைக்கிறது, மீதி 90 தான். ஆனால் அறை வாடகை, சாப்பாடு, மாதத்துக்கு ஒரு முறையாவது இரவு ரயிலில் வீட்டுக்கு வந்து போகும் செலவு, இவற்றை அதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்தக் கணக்கு பெரியது.

டவுனில் பத்து கிரெடிட் கூடுதலாகப் படிக்க வேண்டும். 90 க்குப் பதில் 100. அது கொழும்போடு ஒப்பிட்டால் ஒரு வருடத்தின் மூன்றில் ஒரு பங்கு வேலை. வார இறுதி வகுப்பு என்பதால் கிழமை நாட்களில் அவள் ஒரு கடையில் கணக்குப் பார்க்கிற வேலையைத் தொடரலாம். கணிதம் இல்லாத 3.57 என்ற தொடக்கத்தோடு, அவள் இப்போது எடுக்கிற மாதிரியே எடுத்தால் செகண்ட் அப்பர் எளிது. முதல் வகுப்பும் கைக்கு எட்டாத தூரத்தில் இல்லை.

முதலிலிருந்து தொடங்குவது, பழைய ஜீபிஏ இரண்டுக்குக் கீழே கிடப்பவர்களுக்கும், பெரும்பாலான பாடங்களில் வரம்பிட்ட 40 கள் நிரம்பியவர்களுக்கும் மட்டும் அர்த்தமுள்ளது என்று நினைக்கிறேன்.

அவள் டவுனைத் தெரிவு செய்தாள். நான் ஒன்றை மட்டும் கூடுதலாகச் செய்யச் சொன்னேன். அரையாண்டு முடிய அவர்கள் கொடுக்கிற ஜீபிஏயை அப்படியே நம்பாமல், கிரெடிட்டையும் தரப்புள்ளியையும் தன்னுடைய தாளில் கூட்டிப் பார்க்க வேண்டும். இரண்டு தசமத்துக்குச் சுருக்கிய எண்ணை அடுத்த அரையாண்டுக்கு எடுத்துச் செல்லக்கூடாது. கிரெடிட்டால் பெருக்கிக் கூட்டிய தரப்புள்ளித் தொகையைத்தான் எடுத்துச் செல்ல வேண்டும். எல்லைக்குக் கிட்ட நிற்கும்போது 3.295 ஐ ஒரு இடம் 3.30 என்று ஏற்றும், இன்னொரு இடம் ஏற்காது.

அவள் தன் விரிதாளில் பழைய வருடத்துக்கு ஐந்து வரி போட்டிருக்கிறாள். கீழே கணிதம் என்று ஒரு வரி, கிரெடிட் 4, தரப்புள்ளி வெறுமையாக. போன சனிக்கிழமை முதல் நாள் வகுப்புக்குப் போய் வந்தாள். பக்கத்தில் இருந்த பையன் இந்த வருடம்தான் உயர்தரம் எழுதியவனாம், அவளை "அக்கா" என்று கூப்பிட்டானாம். அதைத்தான் அவள் பெரிய குறையாகச் சொன்னாள்.